புளித்தண்ணீரைக் கொட்டாதே

தொனத்தெல்லாவின் செய்தி வந்தபோது ராஜேஸ்வரி எம்.ரெட்டியபட்டிக்கு வெளியே பருத்திக்காட்டில் நின்றிருந்தாள். மடியில் பாதி அளவுக்குப் பருத்தி. வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு அந்த நிழலில் போனைப் பிடித்துப் படித்தாள்.

புத்தகம் தயாராகிவிட்டது. அச்சுக்குப் போகுமுன் பக்கங்களை அனுப்பியிருக்கிறோம். உன் பக்கத்தைப் பார்.

வட இத்தாலியில் ஒரு சின்ன டவுனில், நீவெஸ் என்ற கிழவிக்குத் துணையாளாகப் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்தவள் ராஜேஸ்வரி. நீவெஸ் அம்மாள் போன மாசியில் இறந்துபோனாள். ஒப்பந்தம் முடிந்து ராஜேஸ்வரி ஊருக்குத் திரும்பினாள். அந்த டவுன் நூலகத்தில் பெண்கள் குழு ஒன்று உண்டு. தொனத்தெல்லா என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியைதான் அதற்குத் தலைவி. ஊர்ப் பெண்களின் வீட்டுச் சமையலையும் அங்கே வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பெண்களின் சமையலையும் சேர்த்து ஒரு புத்தகம் போடுகிறோம், நீயும் ஒன்று எழுது என்று அவள் கேட்டிருந்தாள். நீவெஸ் அம்மாள் விரும்பிச் சாப்பிட்ட எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பை ராஜேஸ்வரி இத்தாலிய மொழியிலேயே தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள்.

பக்கத்தைத் திறந்தாள். மேலே அவள் பெயர், பெரிய எழுத்தில். கீழே அவள் எழுதிய குழம்பு. அச்சில் தன் வரிகளைப் பார்த்ததும் பக்கத்துச் சாலில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த தங்கலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"என்னக்கா இது, ஒண்ணும் புரியலையே?"

"நம்ம கத்தரிக்காக் கொழம்புதான்டி. வெள்ளைக்காரப் பொம்பளைக வாசிக்கப் போறாளுக."

அதன் பிறகுதான் பக்கங்களுக்கு முன்னால் இருந்த சின்ன முன்னுரையைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். எல்லோருடைய குறிப்புகளிலும் இருந்த சிறு பிழைகளைத் திருத்தியிருக்கிறோம். ஆனால் வெளிநாட்டுத் தோழிகள் எழுதியதை மட்டும் பிழையோடு அப்படியே விட்டிருக்கிறோம், அதுதான் அவர்களுடைய குரல், அதிலேதான் அழகு என்று எழுதியிருந்தது.

ராஜேஸ்வரி மடியை அவிழ்த்துப் பருத்தியைத் தங்கலட்சுமியின் சாக்கில் கொட்டினாள்.

"இந்தா, இதையும் சேத்துக்கோ. நான் டவுனுக்குப் போயிட்டு வாரேன்."

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இம்மானுவேலின் ஜெராக்ஸ் கடை இருந்தது. ராஜேஸ்வரியோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன். சாமியாராகப் போவதாகச் சொல்லி ரோமாபுரி வரைக்கும் போய்ப் படித்தான். நடுவிலேயே வேண்டாமென்று திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பக்கத்தில் இத்தாலிய மொழி தெரிந்த ஆட்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அவன் புத்தகத்தில் படித்தவன். இவள் அடுப்படியில் கற்றவள். நேரில் பார்க்கும்போதெல்லாம் வேண்டுமென்றே அந்த மொழியில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். கடைக்கு வந்தவர்கள் விழிப்பார்கள்.

"இதப் படிச்சுப் பாரு. என்னென்ன தப்பு இருக்குன்னு சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லணும்" என்றாள்.

பக்கத்தை அச்செடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு இம்மானுவேல் பேனாவை எடுத்தான். படிக்கும்போதே சிரிக்க ஆரம்பித்தான்.

"சிரிக்காத. சொல்லு."

"சாமான் பட்டியல்லயே ஆரம்பிக்குது பாரு. 'ச்சிப்பொல்லே த்ரிதாத்தோ'ன்னு எழுதியிருக்க. பொடியா நறுக்கின வெங்காயம். வெங்காயம் அந்த மொழியில பொம்பள, அதுவும் நெறையா. நறுக்கினங்கிற வார்த்தையும் அதோட ஒத்துப் போகணும். த்ரிதாத்தேன்னு முடியணும். நீ ஓன்னு முடிச்சு ஒத்த ஆம்பளையாக்கிட்ட."

"சரி."

"பூண்டுப் பல் ஆம்பள. பல்லு நெறையா இருக்கு. உரிச்சதுக்கு 'ஸ்புச்சாத்தி'ன்னு வரணும். நீ 'ஸ்புச்சாத்தா'ன்னு ஒத்தப் பொம்பளையா எழுதியிருக்க."

"நமக்கு உரிச்ச பூண்டு, நறுக்கின வெங்காயம், அவ்வளவுதான். எதுக்கும் வால் மாறாது. அங்க ஒவ்வொரு சாமானையும் ஆம்பளையா பொம்பளையா, ஒண்ணா பலதான்னு பாத்துப் பாத்து மாத்தணும். பேசும்போது கடைசி எழுத்த முழுங்கிருவேன். எழுதும்போது மாட்டிக்கிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கத்தரிக்கா சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"கத்தரிக்கா சரி. மெலன்ஸானே பிக்கொலே. சின்னக் கத்தரிக்காய்கள். ரெண்டும் 'ஏ'ன்னு முடியுது. அதுகளப் பொரின்னு சொல்றதுக்கு ஃப்ரிஜ்ஜிலேன்னு எழுதியிருக்க, அதுவும் சரி. காம்பப் பிரிக்காதேங்கிறதும் சரி."

செய்முறைக்கு வந்தான். ஒரு வரியில் பேனா நின்றது. அவன் சிரிப்பும் நின்றது.

"ராஜி, இது வேற மாதிரித் தப்பு. புளிய வெந்நில போடு, நல்லாப் பிழி. அதுவரைக்கும் சரி. அடுத்து என்ன எழுதியிருக்க?"

"அதைக் கொட்டிருன்னு. சக்கையக் கொட்டணும்ல?"

"புத்தலான்னு எழுதியிருக்க. லா வந்தா ஒத்தப் பொம்பள. இங்க பொம்பளையா இருக்கிறது ஆக்குவா, தண்ணி. புளி தமரிந்தோ, அது ஆம்பள. புத்தலோன்னு எழுதினாத்தான் புளியக் கொட்டுன்னு ஆகும். நீ எழுதியிருக்கறபடி செஞ்சா, புளித்தண்ணியக் கொட்டிட்டுச் சக்கையக் கொழம்புல போடணும்."

ராஜேஸ்வரி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். நமக்குப் புளியும் 'அது'தான், தண்ணீரும் 'அது'தான். 'அதைக் கொட்டிவிடு' என்றால் எது என்று அடுப்பங்கரையில் நிற்பவளுக்கு இயல்பாகவே தெரியும். அங்கே ஒரே ஒரு கடைசி எழுத்து சொல்லிவிடுகிறது, எதைக் கொட்ட வேண்டும் என்று. எழுதும்போது தண்ணீர் என்ற சொல் கடைசியாக வந்ததால் கை அதன் பின்னாலேயே போய்விட்டது.

"இன்னும் இருக்கா?"

"ஒண்ணு. நறுக்கு, போடு, சேர், அணைன்னு எல்லாமே 'நீ'ங்கற கணக்குல சொல்லிட்டு வார. தால்யா, மெத்தி, அஜ்ஜுஞ்ஜி, ஸ்பென்யி. எண்ணெ பிரியற எடத்துல மட்டும் அஸ்பெத்தின்னு எழுதியிருக்க. அது காத்திருங்க. நீன்னா அஸ்பெத்தா."

"போடுக்கு மெத்தின்னு இகரத்துல முடியுது. இதுக்கு மட்டும் ஏன் ஆகாரம்?"

"'ஆரே'ன்னு முடியற வினைக்கு நீன்னா ஆ, நீங்கன்னா இ. மத்த வினைக்கு அப்படியே தலைகீழ். மெத்தின்னா போடு, மெத்தான்னா போடுங்க. குறுக்க மறுக்கப் போட்ட தையல் மாதிரி. நானே ரெண்டு வருஷம் தடுமாறினேன்."

அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. நீவெஸ் அம்மாள் கட்டிலிலிருந்து எழ முயலும்போதெல்லாம் அவள் ஓடிப்போய்ச் சொன்ன வார்த்தை அது. அஸ்பெத்தி, சிஞ்ஞோரா. பொறுங்க அம்மா. அந்த வார்த்தையை வேறு விதமாகச் சொல்ல அவளுக்கு வாயே வந்ததில்லை.

இம்மானுவேல் காகிதத்தை மடித்தான்.

"ஆனா ஒண்ணு பாரு. வேண்டாங்கிற வாக்கியத்துல ஒரு தப்பு இல்ல. நீன்னு சொல்லி வேண்டாங்கும்போது வினைய முழுசா வைக்கணும். நோன் ஸ்தக்காரே, பிரிக்காதே. நோன் மெஸ்கொலாரே, கிண்டாதே. அங்கதான் படிக்க வந்தவங்க எல்லாரும் விழுவாங்க. நீ விழல."

"எப்படி விழுவேன்?" என்றாள் ராஜேஸ்வரி. "நோன் தொக்காரே, நோன் அப்ரீரே, நோன் திமென்த்திக்காரே. தொடாதே, திறக்காதே, மறக்காதே. நான் அந்த மொழியில அதிகமாக் கேட்டதே அதுதான்."

இம்மானுவேல் கடைக்கு வந்தவருக்கு ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

"திருத்தச் சொல்லப் போறேன்" என்றாள் அவள்.

"சொல்லு. ஆனா பாத்துச் சொல்லு. அடுத்த வேலைக்கு அந்த டீச்சரம்மாதான ஒரு குடும்பம் பாத்துக்கிட்டிருக்கு? அவுக பாசமாத்தான் அப்படியே விட்டிருக்காக. புத்தகத்துல ஒரு பக்கம். யாரு என்ன சொல்லப் போறா?"

"பாசமா விட்டிருக்காகளா? அந்த ஊர்ப் பொம்பளைக தப்பு பண்ணினா திருத்துறாக. நான் தப்பு பண்ணினா அழகுன்னு ரசிக்கிறாக. எனக்கு அழகு வேண்டாம். எனக்குச் சரியா வேணும்."

வீட்டில் கணவன் பால்ச்சாமியும் அதையேதான் சொன்னான், வேறு விதமாக. லோடு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன், குழாயை மூடிவிட்டு முழுக்கக் கேட்டான். மகள் துர்காதேவிக்கு நர்ஸிங் கடைசி வருஷம் பாக்கி. மறுபடி ஒரு மூன்று வருஷம் ராஜேஸ்வரி போய்விட்டு வந்தால் வீட்டுக் கடன் அடைபட்டுவிடும் என்பது அவர்கள் இருவரும் பேசி வைத்திருந்ததுதான்.

"ஒரு எழுத்துக்காகவா இவ்வளவும்?"

"ஆமாங்க. ஒரு எழுத்துதான்."

"அந்தம்மா கோவிச்சுக்கிட்டு வேலையக் கெடுத்துட்டா?"

"கெடுக்கட்டும்."

பால்ச்சாமி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். கோபமாக ஏதோ சொல்ல வந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"எங்கம்மா காட்டு வேலைக்குப் போன எடத்துல பத்து வயசுப் பயலும் வா போன்னுதான் கூப்பிடுவான். எங்கம்மா அவன ஐயான்னு சொல்லணும். நான் அங்க போனா அதே கதை. அந்தக் கிழவி, அவ மக, பேரப்பிள்ளைக, கடைக்காரன், எல்லாரும் என்னய 'நீ'ம்பாக. நான் 'நீங்க'ம்பேன். நானும் நீன்னு சொல்லலாமான்னு கேக்க எனக்குத் தோணல, அவுகளும் சொல்லல. அந்த மொழியில நான் மொத மொத நீன்னு எழுதினது இந்தக் கொழம்புலதான். நறுக்கு, போடு, கிண்டாதே. அந்த ஊர்ப் பொம்பளைக எல்லாருக்கும் நான் சொல்றேன். அதத் தப்பாச் சொல்லி, அவளுக சிரிச்சுக்கிட்டே செய்யணுமா?"

அவன் குழாயைத் திறந்துவிட்டான்.

"பேசு. ஆனா வீட்டுக்குள்ள போய்ப் பேசு. இங்க டவர் நிக்காது."

அடுத்த நாள் மத்தியானம் அவள் தொனத்தெல்லாவை வீடியோவில் அழைத்தாள். அங்கே காலை. தொனத்தெல்லா காப்பிக் கோப்பையோடு, கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுச் சிரித்தாள். எப்படி இருக்கிறாய், மழை உண்டா, கணவன் நலமா என்று வரிசையாகக் கேட்டாள். நல்ல பெண்தான். நீவெஸ் அம்மாள் இறந்த அன்று ராஜேஸ்வரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவள் அவள் ஒருத்திதான்.

"சிஞ்ஞோரா, என் பக்கத்தில் பிழை இருக்கிறது. திருத்த வேண்டும்" என்றாள் ராஜேஸ்வரி. வழக்கம்போல் 'நீங்கள்' போட்டுத்தான் பேசினாள்.

"ராஜெஸ், கவலைப்படாதே. வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறேன். அது உன் குரல். படிக்கும்போது நீ பேசுவது அப்படியே காதில் விழுகிறது."

"மீர்னா அம்மாவின் தொர்தெல்லி பக்கத்தைப் படித்தேன். அவங்க எழுதினதில் பிழையே இல்லையா?" தொர்தெல்லி அங்கே பூரணம் வைத்துச் செய்யும் மாவுப் பண்டம்.

தொனத்தெல்லா சிரித்தாள். "ஐயோ, மீர்னா! அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பக்கம் முழுக்கப் பிழை. உட்கார்ந்து திருத்தினேன்."

"ஏன் திருத்தினீங்க? அது அவங்க குரல் இல்லையா?"

தொனத்தெல்லா கோப்பையைக் கீழே வைத்தாள். சிரிப்பு முகத்திலேயே நின்றது, எங்கே போவதென்று தெரியாமல்.

"அது வேறு, ராஜெஸ். மீர்னா இந்த ஊர்க்காரி. அவள் பெயருக்குக் கீழே பிழை இருந்தால் ஜனங்கள் அவளைக் கேலி செய்வார்கள்."

"என் பெயருக்குக் கீழே இருந்தால்?"

ராஜேஸ்வரி விடவில்லை.

"என் குழம்பைச் சமைத்துப் பார்த்தீங்களா?"

"பார்த்தோமே. குழுவில் எல்லோரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. கொஞ்சம்... நார் நாராக. சுவை ரொம்ப மெலிதாக இருந்தது."

"புளித்தண்ணீரைக் கொட்டினீங்களா?"

"நீதானே கொட்டச் சொன்னாய். புத்தலா."

"சொன்னேன். தப்பாகச் சொன்னேன். புத்தலோ என்று இருக்க வேண்டும். கொட்ட வேண்டியது சக்கையை. குழம்பே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. உங்களுக்கு நான் சக்கையைத் தின்னக் கொடுத்திருக்கிறேன், நீங்கள் நன்றாக இருந்தது என்கிறீங்க. இதுவே மீர்னா அம்மாவின் மாவில் நார் வந்திருந்தால் உடனே போன் போட்டுக் கேட்டிருக்க மாட்டீங்களா?"

தொனத்தெல்லாவின் காது சிவந்தது. கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டாள். அவளும் எதிர்த்தாள், சும்மா விடவில்லை. எத்தனை பேர் மறுத்தும் வெளிநாட்டுப் பெண்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று போராடியதே நான்தான் என்றாள். பிழையோடு எழுதத் துணிவதே ஒரு பெருமை என்றாள். லுத்மிலாவும் ஃபத்தீமாவும் உன்னைப்போல வந்தவர்கள்தானே, அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே, நீ மட்டும் ஏன் புண்பட வேண்டும் என்றாள்.

"அவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்கவில்லை."

"கேளுங்க. என்னுடையதைத் திருத்துங்க. முடியாது என்றால் என் பெயரையும் குழம்பையும் எடுத்துவிடுங்க." அதன் பிறகு அவள் ஒரே வார்த்தையைச் சொன்னாள். "கொர்ரெக்கா."

திருத்துங்கள். மரியாதையான வடிவம்தான். ஆனால் அந்த ஊரில் அவள் தயவுசெய்து என்ற சொல் சேர்க்காமல் யாரையும் எதையும் செய்யச் சொன்னதில்லை. அந்த வார்த்தை தனியாக வெளியே வந்து நின்றது.

தொனத்தெல்லா மெல்லச் சொன்னாள். "நீ ஒருபோதும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை."

"இன்னொன்றும் இருக்கிறது, சிஞ்ஞோரா. நீங்கள் என்னை நீ என்கிறீங்க, நான் நீங்கள் என்கிறேன். எனக்கு ஐம்பது ஆகப்போகிறது. இனி இருவரும் நீ என்போம், இல்லையென்றால் இருவரும் நீங்கள் என்போம். எது வேண்டுமோ நீங்களே சொல்லுங்க."

"நீ என்று என்னை எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாமே!"

"அதை நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது உங்க ஊர் வழக்கம். பதினோரு வருஷம் நீங்கள் சொல்லவில்லை."

அழைப்பு அதோடு முடிந்தது. யார் முதலில் வைத்தது என்று அவளுக்கு ஞாபகமில்லை. எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். வாசலில் நின்றிருந்த பால்ச்சாமி, "சண்டையா?" என்று கேட்டான்.

"ஆமா."

"மொழி புரியல. ஆனா நீ சத்தம் போடாமச் சண்ட போட்டது புரிஞ்சது" என்றான்.

ஒரு வாரம் போல எந்தச் செய்தியும் இல்லை. பிறகு புதுப் பக்கம் வந்தது. ராஜேஸ்வரி ஷேர் ஆட்டோவிலேயே அதைத் திறந்துவிட்டாள். வெங்காயம் ஒத்துப் போயிருந்தது. பூண்டும் ஒத்துப் போயிருந்தது. புளிச் சக்கையைத்தான் கொட்டச் சொல்லியிருந்தது. ஆனால் தால்யா இல்லை, மெத்தி இல்லை. எல்லாம் தால்யாரே, மெத்தெரே என்று மாறியிருந்தன. கொட்டுவதுகூடப் புத்தார்லோ ஆகியிருந்தது. கீழே தொனத்தெல்லா ஒரு வரி எழுதியிருந்தாள்: குழுவில் சிலர் இதுதான் நாகரிகமாக இருக்கும் என்றார்கள்.

இம்மானுவேலுக்கு அது பிடித்திருந்தது. "இதுதான் சரியான சமையல் குறிப்பு நடை. நறுக்கவும், போடவும், கொட்டவும்னு நாம எழுதுற மாதிரி. ஆளே இல்லாத கட்டளை. எல்லாப் புத்தகத்துலயும் இப்படித்தான் இருக்கும். இதுல தப்பே கண்டுபிடிக்க முடியாது. விட்டுரு."

"மீர்னா பக்கத்தப் பாரு."

அவன் பார்த்தான். மீர்னா தொர்தெல்லி செய்யச் சொல்லும் பக்கத்தில் எல்லாமே 'நீ'யில்தான் இருந்தன. மாவைப் பிசை, மெல்லிசாகத் தேய், பயப்படாதே. ஒரு வினைகூட மாறவில்லை.

"அவ சொன்னா நீ. நான் சொன்னா ஆளே இல்ல" என்றாள் ராஜேஸ்வரி. "தப்பு இருந்தப்ப என் குரல் வேணும்னாக. தப்பு போனதும் குரலும் வேண்டாம்னு சொல்லுறாக."

இம்மானுவேல் இந்தத் தடவை சமாதானம் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு. எழுது" என்றான்.

அவள் மூன்று வரிதான் எழுதினாள். சமையலைக் கற்றுக்கொடுப்பது நான். எனக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிறாள். அவளைப் பார்த்து நான் நீ என்றுதான் சொல்வேன், மீர்னா சொல்வதைப் போல. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். அவனிடம் காட்டவில்லை.

புத்தகம் ஐப்பசியில் வந்தது. முதல் மழைக்குக் காடெல்லாம் ஈரமாகக் கிடந்த நேரம். தபால்காரர் திருச்சுழிப் பக்கம் பஸ் வராததால் தாமதம் என்று சொல்லிக்கொண்டே பார்சலை நீட்டினார். அவள் பக்கத்தில் தால்யா இருந்தது. மெத்தி இருந்தது. எண்ணெய் பிரியும் இடத்தில் அஸ்பெத்தா இருந்தது. பொறு. புளியைப் பிழிந்த பிறகு, புத்தலோ. லுத்மிலாவின் பக்கமும் ஃபத்தீமாவின் பக்கமும் திருத்தப்பட்டிருந்தன. முன்னுரையில் குரல், அழகு என்ற வரி இல்லை. தொனத்தெல்லாவின் கடிதம் ஏதும் பார்சலில் இல்லை.

வேலை போய்விட்டது. அந்தக் குடும்பம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது என்று தொனத்தெல்லா ஏற்கெனவே இரண்டே வரியில் எழுதியிருந்தாள். அந்த இரண்டு வரியிலும் அவளை 'நீங்கள்' என்றே அழைத்திருந்தாள். அது கோபமா, மரியாதையா என்று ராஜேஸ்வரியால் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைத்துக்கொண்டாள். நன்றி என்று 'நீங்கள்' போட்டே பதில் அனுப்பினாள். பால்ச்சாமி ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் பந்தல்குடியிலிருந்து வரும் வழியில், தூத்துக்குடி லோடு கூடுதலாக ஒப்புக்கொண்டதாகச் சொன்னான். வேறொரு ஏஜென்சி மூலம் முயற்சி செய்வதாக அவளும் சொன்னாள். துர்காதேவியின் கட்டணத்துக்கு அவள் தங்கச் சங்கிலி அடகுக்குப் போனது. அதைக் கழற்றிக் கொடுத்த அன்று அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் தொனத்தெல்லாவிடம் பேசிய பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இத்தாலி எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நீவெஸ் அம்மாளின் மகள் லொரதானா. அம்மா இறந்த பிறகு அவள் பேசவே இல்லை. திரையில் முகம் தெரியவில்லை. ஒரு சட்டியும் அதில் கொதிக்கும் குழம்பும்தான் தெரிந்தன.

"ராஜெஸ், நீ எழுதியபடிதான் செய்கிறேன். எண்ணெய் பிரியவே மாட்டேன் என்கிறது. கிண்டட்டுமா?"

ராஜேஸ்வரி திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். நிறம் சரியாக இருந்தது. புளித்தண்ணீர் சேர்ந்த நிறம். கத்தரிக்காய்கள் காம்போடு முழுசாகக் கிடந்தன. லொரதானா அவளை நீ என்றுதான் கூப்பிட்டாள், அந்த வீட்டில் எல்லோரும் கூப்பிட்டதைப் போல.

ராஜேஸ்வரியும் 'நீ' போட்டாள். முதல் தடவை. நாக்கு தடுமாறவில்லை.

"நோன் மெஸ்கொலாரே, லொரதானா. கரண்டியைக் கீழே வை. தீயைக் குறை. பொறு."

அந்தப் பக்கம் குழம்பு மட்டும் கொதித்தது. பிறகு கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.